என் கூரைத் தண்ணீரும் நான் சொன்ன பொய்யும்

பக்கத்து வீட்டுச் சுவரை ஊற வைத்தது என் கார் ஷெட்டிலிருந்து விழுந்த மழைத் தண்ணீர். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த வீட்டு அம்மா என்னிடம் வந்து கேட்டபோது, அவருடைய குளியலறைதான் கசிகிறது என்று சொன்னேன். என் பேச்சை நம்பி அவர் நல்ல நிலையில் இருந்த தரையைப் பெயர்த்தார். நான் ஒரு பாலிடெக்னிக்கில் கட்டடத் துறை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூரைத் தண்ணீரை எப்படி வடிக்க வேண்டும் என்று வகுப்பறையில் பாடம் நடத்தியவன். ஆகவே அறியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை. என்ன செய்தேன், எதைச் செய்திருக்க வேண்டும், பிறகு எப்படித் திருத்தினேன் என்பதை அளவுகளோடு எழுதிவிடுகிறேன். இரும்புக் கால் நட்டு ஷீட் போடப் போகிறவர்களுக்கு இது பயன்படும் என்பது ஒரு காரணம். செய்த தப்பைப் பொதுவில் சொல்லாமல் அதற்குப் பொறுப்பேற்றதாக ஆகாது என்பது இன்னொன்று.

மதுரை காளவாசல் சந்திப்பில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த 2019-ஆம் வருடம் அது. பைபாஸ் ரோட்டில் போக வேண்டிய வண்டிகளெல்லாம் சந்துகளுக்குள் புகுந்து போய்க்கொண்டிருந்தன. தெருவோரம் நிறுத்திய என் காரில் தினம் ஒரு கீறல் விழுந்தது. வீட்டின் மேற்குப் பக்கம், சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே 12 அடி இடம் இருந்தது. அதில் 18 அடி நீளத்துக்கு நான்கு இரும்புக் கால் நட்டு, கலர் ஷீட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இப்படிப் பழைய வீட்டை ஒட்டிப் போடும் கூரைக்கு முதல் கேள்வி, வாட்டம் எந்தப் பக்கம் என்பது. மூன்று வழிதான் உண்டு. வீட்டுச் சுவரை நோக்கிச் சாய்த்தால் தண்ணீர் சுவரோடு நிற்கும். அதை யாரும் செய்யக் கூடாது. தெருவை நோக்கிச் சாய்த்தால் 18 அடி நீளம் முழுக்க வாட்டம் ஓட வேண்டும். இந்த வகை ஷீட்டுக்கு 10 அடிக்கு 1 அடி வாட்டமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு ஷீட்டும் அடுத்த ஷீட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ளும். 18 அடிக்கு ஒன்றே முக்கால் அடிக்கு மேல் உயரம் தேவை. பின்பக்கம் அவ்வளவு உயர்த்தினால் எங்கள் வீட்டு ஜன்னல் சன் ஷேடில் இடித்தது. மூன்றாவது வழி, வீட்டுப் பக்கம் உயர்த்திக் காம்பவுண்டுப் பக்கம் தாழ்த்துவது. 12 அடிக்குச் சுமார் 15 அங்குலம் போதும். அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் தப்பில்லை. ஆனால் தண்ணீரைப் பக்கத்து மனையை நோக்கி ஓட விடுகிறவன், அதை எல்லைக்குள்ளேயே பிடித்துக் கீழே இறக்கவும் வேண்டும். அதற்குத் தாழ்ந்த விளிம்பில் ஒரு கட்டர் வேண்டும். ஷீட்டைக் காம்பவுண்டுக்கு ஒரு அடி முன்னாலேயே நிறுத்தினால்தான் கட்டர் நம் எல்லைக்குள் அடங்கும். கால்களும் ஓர் அடி உள்ளே வரும்.

அந்த ஓர் அடியை விட எனக்கு மனம் வரவில்லை. கட்டருக்கும் குழாய்க்கும் பத்தாயிரம் ரூபாய்க்குள்தான் ஆகியிருக்கும். பணம் பெரிய தடை இல்லை. காம்பவுண்டு வரைக்கும் என் இடம், அதில் ஓர் அங்குலம்கூடக் கூரை இல்லாமல் இருக்கக் கூடாது என்ற ஆசைதான். கார் 6 அடி அகலத்துக்குள் அடங்கும். 12 அடியில் ஓர் அடி போனாலும் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து இறங்கலாம். இதைக் கணக்குப் போடத் தெரியாதவனில்லை நான். வெல்டர் தம்பி சொல்லவும் செய்தார்.

“சார், கட்டர் இல்லாம விட்டா தண்ணி அந்த வீட்டுச் செவத்துலதான் போய் அடிக்கும். பின்னாடி பேச்சு வரும்.”

“அத நான் பாத்துக்கிறேன். நீ ஷீட்ட மாட்டு.”

ஷீட் விளிம்பு காம்பவுண்டுச் சுவரின் நடுக்கோடு வரை நீண்டது.

இதோடு நிற்கவில்லை. எங்கள் மொட்டை மாடி 900 சதுர அடி. அதில் பாதியின் தண்ணீர் மேற்குப் பக்கத்தில் இரண்டு குழாய்கள் வழியாகச் சுவரோடு தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புது ஷீட்டை அந்தக் குழாய்கள் நடுவில் துளைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. துளையைச் சுற்றி ஒழுகாமல் அடைப்பது நச்சு வேலை. அதனால் இரண்டு குழாய்களையும் ஷீட்டுக்கு மேலேயே வெட்டிவிடச் சொன்னேன். மாடித் தண்ணீர் ஷீட்டில் விழுந்து, ஷீட்டின் வழியாக ஓடிக் காம்பவுண்டைத் தாண்டி விழுந்தது. பழைய வீட்டை ஒட்டி ஷெட் போடும் பலரும் செய்கிற காரியம் இது. இதன் விளைவை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த மழை நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. அன்று பிற்பகல் 3 மணியிலிருந்து 3.15-க்குள் மட்டும் 4.5 சென்டிமீட்டர் மழை பதிவானது. என் ஷீட்டின் பரப்பு 216 சதுர அடி. அதாவது 20 சதுர மீட்டர். 20 சதுர மீட்டரில் 4.5 சென்டிமீட்டர் என்றால் 900 லிட்டர். அது 15 நிமிடத்தில் இறங்கினால் விநாடிக்கு ஒரு லிட்டர். இது ஷீட்டின் பங்கு மட்டும். மாடியின் பாதி 42 சதுர மீட்டர். அதிலிருந்து அதே மழைக்கு வரக்கூடியது சுமார் 1,900 லிட்டர். மாடியில் கொஞ்சம் தேங்கி, குழாய் விடும் வேகத்தில்தான் அது இறங்கும் என்றாலும், கடைசியில் எல்லாம் ஷீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆக, ஷீட் தன் பரப்பில் பெய்த மழையைப் போல மூன்று மடங்கைச் சுமந்து, பக்கத்து மனையில் கொட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பது முக்கியம். குழாயிலிருந்து விழும் தண்ணீர் ஷீட்டின் இரண்டு மூன்று பள்ளங்களில் மட்டும் சேர்ந்து வேகமெடுக்கும். விளிம்பை விடும்போது விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் இருந்தால் போதும். 8 அடி கீழே விழ முக்கால் விநாடி ஆகும். அதற்குள் அது இரண்டு அடிக்கு மேல் தள்ளிப் போய்விடும். அந்த அம்மாவின் படுக்கையறைச் சுவர் காம்பவுண்டிலிருந்து இரண்டரை அடி தூரத்தில் இருந்தது. சாதாரண மழையில் தண்ணீர் நடுவிலிருக்கும் சந்தில் விழுந்து, மண்ணோடு தெறித்து அந்தச் சுவரை நனைத்தது. பெருமழையில் நேராகச் சுவரிலேயே அடித்தது.

ஷெட் போட்ட வருடமே, ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் வந்தார். கணவர் இல்லாதவர், மகள் வெளியூரில். வாசலில் நின்றபடியே பேசினார்.

“சார், எங்க ரூம் செவுரு ஊறிப்போயி பூச்செல்லாம் உப்பிக்கிட்டு வருது. உங்க ஷீட்டுத் தண்ணியா இருக்குமோன்னு ஒரு சந்தேகம். நீங்க இதெல்லாம் படிச்சவுக. கொஞ்சம் வந்து பாத்துச் சொல்லுங்களேன்.”

போய்ப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. சுவரில் ஏறும் ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சில அடையாளங்கள் சொல்லிவிடும். குளியலறையிலிருந்து கசிந்தால் ஈரம் குளியலறையை ஒட்டிய மூலையில் அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் பங்குனியிலும் ஈரம் நிற்கும். வெளித் தண்ணீர் தெறித்தால் சுவரின் வெளிப்புறத்தில் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரம் வரை செம்மண் புள்ளிகள் அப்பியிருக்கும். மழை நின்று சில வாரத்தில் காயத் தொடங்கும். அவர் வீட்டில் ஈரம் இருந்த இடம் குளியலறை மூலையிலிருந்து தள்ளி, சுவரின் நடுவில். வெளியே போய்ப் பார்த்தால் மண் புள்ளிகள் வரிசையாக இருந்தன. என் ஷீட்டின் பள்ளங்களுக்கு நேர் எதிரே சந்து மண்ணில் சிறு குழிகளே விழுந்திருந்தன. வேறு அத்தாட்சி தேவையில்லை.

நான் சொன்னது இதுதான்: “பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு வழியா தண்ணி எறங்குதும்மா. டைல்ஸ எடுத்துட்டு வாட்டர் ப்ரூஃபிங் பண்ணிப் போட்டுட்டா நின்னுரும்.”

அப்போதே அவரிடம் செலவில்லாத ஒரு சோதனையைச் சொல்லியிருக்கலாம். குளியலறையின் வடிகுழாய் வாயை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு ஒரு நாள் விட வேண்டும். மட்டம் இறங்காமல், சுவரிலும் புது ஈரம் ஏறாமல் இருந்தால் குளியலறைத் தரையில் குற்றமில்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மை வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். அவர் என்னிடம் வந்ததே நான் படித்தவன் என்பதற்காக. அந்தப் படிப்பை வைத்தே அவரை ஏமாற்றினேன். கட்டர் போடாதது பேராசை. இந்தப் பேச்சு அதைவிடக் கெட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அவர் அடுத்த கோடையில் குளியலறையைப் பெயர்த்து, புது டைல்ஸ் ஒட்டினார். சுவரையும் பூசி வெள்ளையடித்தார். கோடையில் சுவர் காய்ந்துதான் இருந்தது. “சார் சொன்னபடி செஞ்சேன், நின்னுருச்சு” என்று தெருவில் பார்த்து நன்றி சொன்னார். நான் தலையாட்டினேன். மழை வந்ததும் மறுபடி உப்பியது. இந்த முறை அவர் என்னிடம் வரவில்லை. கொத்தனாரை வைத்து மறுபடி பூசினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், போய்ப் பேசவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மழை பெய்யும்போது மேற்குப் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த 2024 மழையன்று மாடியில் அடைத்திருந்த குழாய் வாயைச் சுத்தம் பண்ண ஏறினேன். மேலேயிருந்து பார்த்தபோது ஷீட்டிலிருந்து புறப்பட்ட தண்ணீர் காம்பவுண்டைத் தொடாமலே தாண்டி அவர் ஜன்னலுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவர் கட்டிலை இழுத்துத் தள்ளுகிற சத்தம் கேட்டது. மழை விட்டதும் போனேன். நடந்ததைச் சொன்னேன். குளியலறை கசியவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் கட்டர் மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால் இன்னொரு முறை ஏமாற்றியதாகும். அவர் சத்தம் போடவில்லை. “தெரிஞ்சேவா சொன்னீக?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

இனி திருத்திய வேலை.

முதலில் மாடித் தண்ணீரை ஷீட்டிலிருந்து பிரித்தேன். வெட்டிய இரண்டு குழாய்களுக்கும் முழங்கை வைத்து, வீட்டுச் சுவரோடு பக்கவாட்டில் கொண்டுபோய், ஷீட் முடியும் இரண்டு முனைகளுக்கும் வெளியே தரைக்கு இறக்கினேன். ஷீட்டைத் துளைக்கவே வேண்டியிருக்கவில்லை. 2019-இல் அரை மணி நேரம் யோசித்திருந்தால் அப்போதே தோன்றியிருக்கும். ஷெட் போடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இதுதான்: மாடியின் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஷீட்டில் விழக் கூடாது. ஷீட்டின் கட்டரை ஷீட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டால்தான் அது கைக்கடக்கமான அளவில் நிற்கும்.

அடுத்து ஷீட்டை 11 அடியாக வெட்டினேன். அதனால் வெளிப்பக்கத்து இரண்டு கால்களும் ஓர் அடி உள்ளே வர வேண்டியிருந்தது. பழைய கால்களைப் பிடுங்கியபோது இன்னொரு தப்பும் தெரிந்தது. அவற்றை நேராகத் தரைக் கான்கிரீட்டில் புதைத்திருந்தோம். தரையும் இரும்பும் சேரும் கோட்டில் தண்ணீர் நின்று, உட்கூடான பைப் உள்ளிருந்தே அரித்திருந்தது. சுத்தியால் தட்டினால் மேலே கணீரென்றும் அடியில் மொத்தென்றும் கேட்டது. வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருந்தது. புதுக் கால்களுக்குத் தரைக்கு மேல் மூன்று அங்குலம் உயரமாகக் கான்கிரீட் பீடம் எழுப்பி, அதில் ஆங்கர் போல்ட் பதித்து, பேஸ் பிளேட்டை மேலே உட்கார வைத்தோம். கால் நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்க வழியில்லை. பற்ற வைத்த இடங்களில் ஜி.ஐ. பூச்சு எரிந்துபோயிருக்கும் என்பதால் அங்கெல்லாம் துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே பெயிண்ட்.

பீடத்துக்குக் கீழே இருக்கும் அஸ்திவாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷீட் கூரைக்கு அதன் எடை ஒரு பிரச்சினையே இல்லை. என் கூரை சட்டத்தோடு சேர்த்து 300 கிலோவுக்குள்தான். காற்று அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் பெரிய விசை. காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர் என்ற அடிப்படை வேகத்தைக் குறிக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த அளவுக் கூரையை மேலே இழுக்கும் விசை ஒரு டன்னை ஒட்டி வரும். சித்திரை, வைகாசியில் புழுதிக் காற்றோடு வரும் மழையில் ஷீட்டுகள் பறப்பது இதனால்தான். ஓர் அடி ஆழக் குழியில் கால் நட்டால் அது பிடுங்கிக்கொண்டு வரும். இரண்டடிக்கு இரண்டடி, இரண்டரை அடி ஆழத்தில் ஒரு கான்கிரீட் கட்டி 680 கிலோ நிற்கும். நான்கு கால்களுக்கும் அப்படிப் போட்டால் கூரை நகராது.

பிறகு கட்டர். ஆறு அங்குல அகலம், ஐந்து அங்குல ஆழத்தில் ஜி.ஐ. தகட்டை மடித்துச் செய்தோம். இரண்டடிக்கு ஒரு தாங்கி. நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் அரை அங்குலம் வாட்டம். ஷீட்டின் விளிம்பு கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீண்டு நிற்கிறது. அதற்குக் குறைந்தால் தண்ணீர் ஷீட்டின் அடியோடு திரும்பி ஓடிச் சட்டத்தை நனைக்கும். கட்டரின் இரண்டு உதடுகளையும் ஒரே உயரத்தில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பக்கத்து உதடு ஒரு அங்குலம் உயரம். என் பக்கத்து உதடு தாழ்வு. இலை அடைத்து என்றைக்காவது கட்டர் நிரம்பினால், தண்ணீர் என் ஷெட்டுக்குள்தான் வழியும். கட்டர் அடைத்திருப்பது அப்போது முதலில் எனக்குத் தெரியும். எல்லையோரம் ஷெட் போடும் எல்லாரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன்.

குழாய் அளவுக்கு, தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஓர் அட்டவணை இருக்கிறது. மணிக்கு 100 மில்லிமீட்டர் மழைக்கு 3 அங்குலக் குழாய் 20 சதுர மீட்டர் கூரையைச் சமாளிக்கும் என்கிறது. படித்ததும் என் ஷீட்டுக்கு ஒரு குழாய் போதும் என்று தோன்றும். ஆனால் 15 நிமிடத்தில் 4.5 சென்டிமீட்டர் என்பது மணிக்கு 180 மில்லிமீட்டர் வேகம். அந்த வேகத்துக்கு அதே குழாய் 11 சதுர மீட்டருக்குத்தான் தாங்கும். வெட்டிய பிறகு என் ஷீட் 18 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே இரண்டு முனையிலும் ஒவ்வொரு 3 அங்குலக் குழாய். ஒன்றில் வேப்பிலை அடைத்தாலும் மற்றது ஓடும்.

வீட்டுச் சுவரும் ஷீட்டும் சேரும் இடம் அடுத்தது. அங்கே சிமெண்ட் அப்பியிருந்தோம். வெயிலில் ஷீட் விரிவதும் இரவில் சுருங்குவதுமாக இருக்க, சிமெண்ட் ஒரே கோடையில் விட்டுவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரிலும் ஓதம் இறங்கியது. புது அஸ்திவாரமும் பழைய வீட்டின் அஸ்திவாரமும் ஒரே மாதிரி அமரா என்பதால், அந்த இணைப்பை இறுக்கிக் கட்டவே கூடாது. சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, ஃபிளாஷிங் தகட்டின் மேல் விளிம்பை அதற்குள் செருகி, சீலண்ட் வைத்து அடைத்தோம். தகட்டின் கீழ்ப்பாகம் ஷீட்டின் மேல் ஆறு அங்குலம் படிந்து நிற்கிறது. ஷீட்டோடு அதை ஸ்க்ரூ வைத்துப் பிணைக்கவில்லை. ஷீட் தன் போக்கில் அசையலாம், தண்ணீர் உள்ளே போகாது. ஷீட்டின் மேல்முனையில் பள்ளங்களின் நுனியைக் குறடால் மேல்நோக்கி மடித்தும் விட்டோம். காற்று தள்ளிக்கொண்டு வரும் மழை அந்த மடிப்பில் நின்றுவிடும்.

கட்டரிலிருந்து இறங்கிய தண்ணீர் எங்கே போவது? 2003-லிருந்தே தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். எங்கள் வீட்டிலும் ஒரு குழி பேருக்கு இருந்தது. மண் மூடிப் போயிருந்தது. அதைத் தோண்டி, மூன்று அடி விட்டம், ஐந்து அடி ஆழத்துக்கு உறை இறக்கினோம். வெறும் குழியாக அது சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். முழுக்க ஜல்லி கொட்டினால் ஜல்லியின் இடுக்குகளில் 400 லிட்டர்தான் நிற்கும். என் ஷீட்டின் கால் மணி நேரத் தண்ணீருக்கே அது பற்றாது. ஆகவே அடியில் ஓர் அடிக்கு மட்டும் ஜல்லி போட்டு, மேலே கனமான கான்கிரீட் மூடி வைத்தோம். எங்கள் மண்ணில் களி அதிகம். நிரப்பிய தண்ணீர் இறங்க வெகு நேரம் எடுத்தது. அடியில் துளை போட்டு மணல் தட்டு வரை இறக்கிய பிறகுதான் குழி உறிஞ்சத் தொடங்கியது. அப்படியும் பெருமழைக்கு நிரம்பும். அதற்கு மேல்மட்டத்தில் 4 அங்குல வழிகுழாய் வைத்துத் தெரு மழைநீர்க் கால்வாயில் விட்டோம். மாடித் தண்ணீர் இறங்கும் இரண்டு குழாய்களையும் இந்தக் குழிக்குக் கொண்டுவராமல் நேராக அதே கால்வாய்க்குக் கொண்டுபோனோம். பாதாளச் சாக்கடையில் மழைத் தண்ணீரை விடக் கூடாது. விட்டால் தெருக்கோடியில் யார் வீட்டிலாவது மேன்ஹோல் பொங்கும்.

வழிகுழாய் வைக்கும் முன் டியூப் லெவல் பிடித்துப் பார்ப்பது அவசியம். தெருவில் தாரின் மேல் தாராகப் போட்டு ரோடு உயர்ந்துபோன இடங்களில் வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டது. பழைய பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டதற்குக் காரணமே இதுதான். அதற்கு முன்பே உயர்ந்த ரோடுகள் அப்படியேதான் இருக்கின்றன. தெருக் கால்வாயின் அடிமட்டம் நம் வழிகுழாயைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பார்க்காமல் குழாய் வைத்தால், மழையில் தெருத் தண்ணீர் அதன் வழியே நம் குழிக்குள் வரும்.

தரைக்கும் ஒரு வார்த்தை. ஷெட்டின் தரை பின்பக்கத்திலிருந்து கேட்டை நோக்கி 18 அடிக்கு மூன்றரை அங்குலம் சரிகிறது. கேட்டின் குறுக்கே ஆறு அங்குல அகலத்தில் சல்லடை மூடி போட்ட வாய்க்கால். அந்தத் தண்ணீரைச் சேகரிப்புக் குழிக்குள் விடவில்லை. கார் கழுவும்போது எண்ணெயும் சோப்பும் கலந்திருக்கும். அது நிலத்தடிக்குப் போகக் கூடாது. குழிக்கு ஷீட்டுத் தண்ணீர் மட்டும்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்கவில்லை. மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் பிடித்து ஷீட்டின் மேல்முனையில் தண்ணீர் விட்டோம். விநாடிக்கு ஒரு லிட்டர் என்பதைச் சோதிக்க, 15 லிட்டர் வாளி 15 விநாடியில் நிரம்பும் அளவுக்கு ஹோஸ்களைச் சேர்த்துத் திறந்தோம். அந்த அம்மாவைக் கூப்பிட்டு அவர் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். ஒரு குழாயை வேண்டுமென்றே துணியால் அடைத்தும் பார்த்தோம். அவர் பக்கம் ஒரு சொட்டும் விழவில்லை.

குளியலறைக்கும் இரண்டு பூச்சுக்கும் அவர் செலவழித்த பணத்தைக் கொடுத்தேன். சுவரை நானே ஆள் வைத்துச் சரி செய்தேன். உப்புப் பூத்த பூச்சின் மேல் பூசினால் நிற்காது. அதனால் செங்கல் தெரியச் செதுக்கி, ஒரு கோடை முழுக்கக் காய விட்டுப் பூசினோம். அவர் பணத்தை வாங்கிக்கொண்டார். இப்போது பார்த்தால் பேசுகிறார். ஆனால் சமீபத்தில் அவர் மாடியில் ஒரு விரிசல் விட்டபோது என்னிடம் கேட்கவில்லை. வேறொரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் செய்தது சரிதான். பணம் திரும்பியது, சுவர் காய்ந்தது. என் சொல்லுக்கு இருந்த மதிப்பு அவரிடம் திரும்பவில்லை. திரும்பும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

ஷெட் போடும் வரைபடத்தில் நாம் கால்களையும் சட்டத்தையும் ஷீட்டையும் வரைகிறோம். தண்ணீரையும் வரைய வேண்டும். மாடியில் விழும் சொட்டிலிருந்து தெருக் கால்வாய் வரைக்கும் ஒரே கோடாக வரைந்து பாருங்கள். அந்தக் கோடு எங்காவது உங்கள் காம்பவுண்டைத் தாண்டி இன்னொருவர் மனைக்குள் போனால், வரைபடம் முடியவில்லை. வேலையைத் தொடங்காதீர்கள். ஏற்கனவே கட்டி முடித்துவிட்டவர்கள் அடுத்த மழையில் ஒரு குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் பக்கம் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள். மழையில் நான் அந்த இடத்தில் போய் நிற்கவே இல்லை. என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் நிற்கவில்லை.